பத்தியைச் சொந்த நடையில் சுருக்க எந்த வழியில் கற்றுக்கொடுப்பது? மூன்று வழிகள், ஒரே பத்தி

தேவகோட்டையில் டியூஷன் எடுக்கும் ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: "அக்கா, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சுருக்கி எழுதச் சொன்னால் நாலு வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதிவிட்டு 'சுருக்கிட்டேன் சார்' என்கிறார்கள். புத்தகத்தை மூடச் சொல்லி எழுத வைப்பதா, குறிப்பு எடுக்கச் சொல்வதா, இல்லை விதிமுறை சொல்லிக்கொடுப்பதா? மூன்றையும் கலந்து கட்டி ஒன்றும் உருப்படவில்லை." இதே கேள்வியை வேறு வேறு விதமாக நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள், காரைக்குடிப் பக்கம் வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மாக்கள் உட்பட. நான் இந்த மூன்று வழிகளையும் என் வகுப்பில் தனித்தனியாக நடத்திப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் நன்றாக வேலை செய்யும், ஓரிடத்தில் காலை வாரும். அது எங்கே என்று தெரிந்தால் தேர்வு செய்வது சுலபம்.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரே பத்தியை வைத்தே மூன்றையும் பார்க்கலாம். இது என் வகுப்புக்காக நானே எழுதியது:

> ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. முதலில் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து அதற்குள் பூ வடிவ அச்சைப் பொருத்துகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என நிறம் சேர்த்த சிமெண்ட் கூழை அச்சின் அறைகளில் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு நிறத்தின்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த தூளைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் பரப்பிச் சமப்படுத்துகிறார்கள். காய்ந்த கல்லைச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி உலர்த்துகிறார்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கமே கல்லின் முகமாகிறது. அதனால்தான் மெருகு போடாமலேயே அது பளபளக்கிறது. நிறத்தைக் கையால் ஊற்றுவதால் ஒரு கல்லைப் போல இன்னொரு கல் அப்படியே அமைவதில்லை. செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் இந்தக் கற்களைக் காணலாம்.

மொத்தம் 79 சொல். மூன்றில் ஒரு பங்கு என்ற வழக்கமான கணக்குப்படி 26 சொல்லுக்குள் சுருக்க வேண்டும்.

## பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்கள்

எதுவும் சொல்லிக்கொடுக்காமல் இந்தப் பத்தியைக் கொடுத்தால் வகுப்பில் பாதிக்கு மேல் வருவது இந்த மாதிரிதான்:

> ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து அச்சைப் பொருத்துகிறார்கள். சிமெண்ட் கூழை அச்சின் அறைகளில் ஊற்றுகிறார்கள். பிறகு ஈரக் கலவையைப் பரப்பிச் சமப்படுத்துகிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் காணலாம்.

27 சொல். அளவு கிட்டத்தட்டச் சரி, எழுத்துப் பிழை இல்லை, வேகமாகத் திருத்தும் ஆசிரியர் மார்க் போட்டுவிடுவார். ஆனால் எது காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். கல் ஏன் பளபளக்கிறது, ஏன் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை, இந்த இரண்டு காரணங்களும் போய்விட்டன. அது தற்செயலாக நடக்கவில்லை. காரணம் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இருக்கும். "கண்ணாடியை ஒட்டிய பக்கமே முகம்" என்பது ஒரு வாக்கியம், "அதனால்தான் பளபளக்கிறது" என்பது அடுத்தது. ஒவ்வொரு வாக்கியமாக வெட்டி எடுப்பவர்கள் இந்த மாதிரி இடத்தைத் தொடவே மாட்டார்கள், தொட வேண்டுமானால் இரண்டையும் சேர்த்து ஒரு புது வாக்கியம் செய்ய வேண்டும். காப்பியடிப்பதில் எனக்கு உள்ள பெரிய வருத்தம் இதுதான். அது நேர்மைக் குறைவு என்பதைவிட, பத்தியின் சாரமே அந்தப் பிள்ளையின் கையில் சிக்காமல் போகிறது.

ஆன் பிரவுன், ஜீன் டே என்று அமெரிக்காவில் பணியாற்றிய இரண்டு ஆய்வாளர்கள் 1983-ல் பிள்ளைகள் எப்படிச் சுருக்குகிறார்கள் என்று பார்த்து எழுதியதும் இதைத்தான் காட்டுகிறது. தேவையில்லாததை நீக்குவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே நன்றாக வருகிறது, பத்தியில் இல்லாத ஒரு மைய வாக்கியத்தைத் தானே உருவாக்குவதுதான் கல்லூரி மாணவர்களுக்கும் கடினமாக இருக்கிறது. அதாவது நீக்கத் தெரிந்ததோடு பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது அதற்கு அடுத்த பாதியை.

இன்னொரு கூட்டம் உண்டு. "சொந்த வார்த்தையில் எழுது" என்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச்சொல் தேடும் பிள்ளைகள். தண்ணீரை நீர் என்பார்கள், சரி. மணலை மண் என்று மாற்றினால்? சூளையை அடுப்பு என்றால்? பொருளே மாறிவிட்டது. மாற்றுச்சொல் போடுவதை நான் ஒரு வழியாகவே கணக்கில் சேர்க்கவில்லை. சொல்தான் மாறுகிறது, வாக்கியம் அவர்களுடையதாக ஆவதில்லை. கண்ணாடி, அச்சு, சிமெண்ட் போன்ற துறைச்சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகள் போதும்.

காப்பி நிற்கிறதா? இதைக் கண்டுபிடிக்கும் முறையிலேயே தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நம் சொற்களில் விகுதியை மாற்றினாலே வேறு சொல் மாதிரி தெரியும். "ஊற்றுகிறார்கள்" என்பதை "ஊற்றப்படுகிறது" என்று எழுதிவிட்டால் பார்வைக்குப் புதிது, உள்ளே அதே வாக்கியம். அதனால் நான் விகுதியை மறைத்துவிட்டு அடிச்சொற்களை மட்டும் பார்ப்பேன். துறைச்சொல்லை விட்டுவிட்டு, பத்தியில் வந்த அதே வரிசையில் மூன்று சொல் தொடர்ந்து வந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கு மேல் போனால் அது காப்பி.

கருத்து தங்குகிறதா? முக்கியமாகக் காரணம் வந்திருக்கிறதா? சந்தேகம் இருந்தால் நோட்டை மூடச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கல்லில் எந்தப் பக்கம் பளபளக்கும், ஏன்?" எடுத்து எழுதிய பிள்ளை முழிக்கும், புரிந்து எழுதிய பிள்ளை சொல்லிவிடும்.

என்ன விலை? 40 நிமிட வகுப்பு, 40 பிள்ளைகள். வகுப்பில் ஆகும் நேரம் ஒரு பக்கம், திருத்த ஆகும் நேரம் இன்னொரு பக்கம்.

பரீட்சை ஹாலில் உதவுமா? அங்கே பத்தி கண் முன்னால் இருக்கும், பக்கத்தில் பேசக்கூடாது.

திருத்தும்போது நான் நன்னூலில் சொல்லியிருக்கும் பத்துக் குற்றங்களில் மூன்றை மட்டும் ஓரத்தில் குறிப்பேன். தேவையானது விடுபட்டால் *குன்றக் கூறல்*, பத்தியில் இல்லாததைச் சேர்த்தால் *மற்றொன்று விரித்தல்*, சொன்னதையே சொன்னால் *கூறியது கூறல்*. கு, ம, கூ என்று எழுதினால் போதும். "சரியில்லை, திரும்ப எழுது" என்பதைவிட இது பிள்ளைக்குப் பத்து மடங்கு உதவும். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தது இங்கே வேலைக்கு வருவதைப் பார்த்து அவர்களுக்கே ஒரு சந்தோஷம்.

## முதல் வழி: மூடிவைத்து, சொல்லி, எழுதுவது

பத்தியை இரண்டு முறை மௌனமாகப் படிக்க நான்கு நிமிடம். மூடிவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் சொல்ல வேண்டும், கேட்பவர் ஒரே ஒரு "ஏன்?" கேட்க வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் திறக்காமலேயே எட்டு நிமிடம் எழுத வேண்டும். கடைசியாகத் திறந்து, பெயரும் எண்ணும் வரிசையும் சரியா என்று பார்த்து வேறு நிற மையில் திருத்த வேண்டும்.

இதில் உயிர்நாடி அந்த ஒரு நிமிடப் பேச்சு. பேசும்போது யாரும் "பொருத்துகிறார்கள்", "சமப்படுத்துகிறார்கள்" என்று பேசுவதில்லை. ஒரு பெண் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "கண்ணாடி மேல கலர ஊத்துவாங்க, அதுக்கு மேல சிமெண்ட போட்டு மூடிருவாங்க. கண்ணாடி பட்ட பக்கந்தான் மேல வரும், அதான் பளபளன்னு இருக்கு." பாருங்கள், இரண்டு வாக்கியத்தில் இருந்த காரணத்தை ஒன்றாக்கிவிட்டாள், "போட்டு மூடிருவாங்க" என்று தூவுதல், பரப்புதல், சமப்படுத்தல் மூன்றையும் ஒரே வினையில் அடக்கிவிட்டாள். யாரும் விதி சொல்லிக்கொடுக்கவில்லை. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். இந்தப் பயிற்சியில் அந்தத் தூரம்தான் காப்பியைத் தடுக்கிறது, ஏனென்றால் பேச்சிலிருந்து எழுத்துக்குக் கொண்டுபோகும்போது வாக்கியத்தை அவர்களே புதிதாகக் கட்டியாக வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. சத்தம் ஒன்று. நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அடுத்தது, நடுப்பகுதி மறந்துபோவது. தொடக்கமும் முடிவும் நிற்கும், ஊறவைப்பது காணாமல் போகும். கடைசியாகத் திறந்து பார்க்கும் ஐந்து நிமிடத்தை நேரமில்லை என்று விட்டுவிட்டால் இந்தக் குறை அப்படியே தங்கிவிடும், அதனால் எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். மூடிவைத்து எழுதச் சொன்னால் பத்தியில் படித்ததும் வீட்டில் பார்த்ததும் கலந்துவிடும். "ஆயா வீட்டில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள், அதனால் பளபளக்கும்" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். எண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கம் உண்மைதான், ஆனால் பத்தி சொல்லும் காரணம் வேறு. அந்த இடத்தில் "ம" போட்டேன். அவனுக்குச் சிறிது வருத்தம், "உண்மைதானே டீச்சர்" என்றான். உண்மையாக இருந்தாலும் பத்தி சொல்லாததைப் பத்தி சொன்னதாக எழுதக்கூடாது என்பதைப் புரியவைக்க அரை மணி நேரம் போனது, அந்த அரை மணி நேரத்தை நான் வீண் என்று நினைக்கவில்லை. ஆனால் தொடக்கத்தில் இந்தச் சிக்கல் வேண்டாம் என்றால் முதல் இரண்டு வாரம் பனிக்கரடி, எரிமலை என்று அவர்கள் கண்ணால் பார்க்காத பொருளில் பத்தி கொடுங்கள். ஊர்ப் பத்தியை மூன்றாவது வாரம் எடுக்கலாம்.

இது யாருக்கு: ஆறு முதல் ஒன்பது வரை, நூறு சொல்லுக்கு உட்பட்ட பத்திகள், காப்பிப் பழக்கம் ஊறிப்போன வகுப்பு. சரளமாக வாசிக்க வராத பிள்ளை இருந்தால் நீங்களே வாசித்துக் காட்டிவிட்டு இதைச் செய்யலாம், மற்ற இரண்டு வழியிலும் அது முடியாது.

## இரண்டாம் வழி: குறிப்புச் சொல் எடுத்து, அதிலிருந்து எழுதுவது

இந்த வழியை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பாதிப் பேருக்கு இது வேலை செய்யாததற்குக் காரணம் ஒரு சின்ன விஷயம். குறிப்பு எடு என்றால் பிள்ளைகள் "கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து" என்று வாக்கியத்தின் பாதியைக் குறிப்பாக எழுதுவார்கள். பிறகு மீதிப் பாதியை ஒட்டவைத்தால் பழைய வாக்கியம் திரும்ப வந்துவிடும்.

அதனால் என் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு: குறிப்பில் வினைமுற்று வரக்கூடாது. மொத்தம் பன்னிரண்டு சொல்லுக்குள். காரணத்தை அம்புக்குறியால் காட்ட வேண்டும். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் போய் முடிகிறது, அதை எடுத்துவிட்டால் வாக்கியம் கலைந்துவிடும். திரும்பக் கட்டும்போது அவர்கள் தங்கள் வினையைப் போட்டுத்தான் ஆக வேண்டும். நம் பத்திக்கு ஒரு நல்ல குறிப்பு:

> சூளையின்றி
> கண்ணாடி – நிறச் சிமெண்ட் – கலவை – ஊறல்
> கண்ணாடிப் பக்கம் → பளபளப்பு
> கைவேலை → வேறுபாடு

இதைக் கையில் வைத்து, பத்தியை மூடிவிட்டு எழுதியது:

> ஆத்தங்குடிக் கல்லைச் சுடாமல், கண்ணாடியின் மேல் நிறச் சிமெண்டும் கலவையும் அடுக்கி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிறார்கள். கண்ணாடி பட்ட பக்கம் தானே மின்னும். கைவேலை என்பதால் ஒவ்வொரு கல்லும் சற்றே வேறுபடும்.

23 சொல். இரண்டு காரணமும் இருக்கின்றன. முகப்பு, வளவு போய்விட்டன, போகலாம், அது செய்முறைக்கும் காரணத்துக்கும் சம்பந்தமில்லாத விவரம்.

இந்தச் சுருக்கத்தில் "சுடாமல்", "அடுக்கி", "ஊறவைத்து" என்று எச்சங்கள் எப்படி வரிசையாக வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு போகின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நான்கு குட்டி வாக்கியத்தை ஒரே வாக்கியமாகக் கட்ட நம் மொழியில் இருக்கும் சுலபமான கருவி வினையெச்சம். இதற்கென்று தனியாக ஒரு வகுப்பு ஒதுக்கலாம்: பலகையில் "ஊற்றினார்கள். மூடினார்கள். ஊறவைத்தார்கள். உலர்த்தினார்கள்." என்று எழுதிப் போட்டு ஒரே வாக்கியமாக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், எழுதத் தொடங்கும் முன் குறிப்பை நீங்கள் பார்த்தாக வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பத்து நொடி என்றாலும் நாற்பது பேருக்கு ஏழு நிமிடம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்றால், சிலர் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லையும் எடுத்து எழுதிவைத்திருப்பார்கள் (முதலில், சிவப்பு, அச்சை, காய்ந்த...), அதை வைத்து எதுவும் எழுத முடியாது. அம்புக்குறி இல்லாத குறிப்பிலிருந்து வரும் சுருக்கம் பட்டியல் மாதிரி இருக்கும்: கண்ணாடி உண்டு, சிமெண்ட் உண்டு, பளபளப்பு உண்டு. எதனால் எது என்பது இருக்காது. அம்புக்குறி எத்தனை இருக்கிறது என்று பார்த்தாலே அந்தப் பிள்ளை பத்தியைப் புரிந்துகொண்டதா என்று தெரிந்துவிடும், அந்தப் பத்து நொடிக்கு அதுவே போதும்.

இன்னொன்று, முதல் இரண்டு வாரம் முடிவு மோசமாகத்தான் இருக்கும். வாக்கியம் திக்கும், எழுவாய்க்கும் பயனிலைக்கும் சண்டை வரும். காப்பியடித்த விடை அழகாக இருந்ததே என்று பெற்றோர் கேட்பார்கள். அந்த இரண்டு வாரத்துக்கு மொழிப்பிழைக்கு மார்க் குறைக்காதீர்கள். குறைத்தால் பிள்ளை பத்திரமான வழியைத் தேடும், அந்தப் பத்திரமான வழி காப்பிதான்.

இது யாருக்கு: ஒன்பது, பத்து. பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் என்றால் யோசிக்காமல் இதற்கே போங்கள். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரிக் குறிப்பு எடுத்து, வினாத்தாளைக் கவிழ்த்துவைத்து எழுதிவிட்டு, நிமிர்த்திச் சரிபார்க்கலாம். குறிப்பின் மேல் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிட வேண்டும்.

## மூன்றாம் வழி: படிப்படியாக விதிகளால் சுருக்குவது

தேவையில்லாத விவரத்தை அடி. திரும்பச் சொன்னதை அடி. பல பொருளை, பல செயலை ஒரு பொதுச்சொல்லால் குறி. மைய வாக்கியம் இருந்தால் எடு, இல்லாவிட்டால் நீயே உருவாக்கு. மேலே சொன்ன இரண்டு ஆய்வாளர்களும் இந்த விதிகளைத்தான் வைத்துப் பார்த்தார்கள். கேட்க ஒழுங்காக இருப்பதால் ஆசிரியர்களுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடித்தது, அதனால்தான் முதலில் இதில்தான் தொடங்கினேன்.

ஆனால் இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. முதல் இரண்டு படியும் அடிப்பது. பென்சிலால் அடித்துக்கொண்டே போய், அடிக்காமல் மிஞ்சியதை எடுத்து எழுதினால் வருவது என்ன? மேலே காட்டிய அந்த 27 சொல் விடையேதான். "மைய வாக்கியம் இருந்தால் எடு" என்ற படியும் எடுத்து எழுத அனுமதி கொடுத்த மாதிரிதான். அதனால் இந்த வழியைப் பாதியில் நிறுத்தினால் காப்பியை இன்னும் நேர்த்தியாகச் செய்யக் கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும். நான் அப்படித்தான் ஒரு பருவம் முழுக்க நடத்தியிருக்கிறேன். விடைத்தாள் எல்லாம் சுத்தமாக இருந்தது, "ஏன் பளபளக்கும்?" என்ற கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

இந்த வழியின் பலன் முழுக்க மூன்றாவது படியில் இருக்கிறது, பொதுச்சொல்லில். பெயர்ச்சொல்லுக்குப் பொதுச்சொல் கண்டுபிடிப்பது சுலபம். கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், சீப்புச் சீடை என்று சொன்னால் "பலகாரம்" என்று வகுப்பே கத்தும். வினைக்குப் பொதுச்சொல் கேட்டுப் பாருங்கள், அமைதியாகிவிடும். "ஊறவைத்து, அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, புளிக்கவைத்து" இதற்கெல்லாம் ஒரே தொடர்? கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிள்ளை "மாவு தயாரித்து" என்றது. நம் பத்தியில் "தூவி, பரப்பி, சமப்படுத்தி" என்பது "அடுக்கி" ஆனதும் இப்படித்தான். தினமும் வகுப்புத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் இப்படி இரண்டு தொடர் கொடுத்தால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

கடைசிப் படிக்கு, அதாவது மைய வாக்கியத்தை உருவாக்குவதற்கு, குறுக்குவழி இல்லை. நான் கேட்கும் ஒரு கேள்வி ஓரளவு உதவுகிறது: "இந்தப் பத்தியைப் படிக்காதவரிடம் ஒரே மூச்சில் என்ன சொல்வாய்?" நம் பத்திக்கு வந்த நல்ல பதில், "ஆத்தங்குடிக் கல்லின் அழகுக்கு நெருப்பு காரணமில்லை, கண்ணாடியும் கையும்தான்." பதினோராம் வகுப்புப் பெண் சொன்னது. ஒன்பதாம் வகுப்பில் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

செலவு: குறைந்தது ஆறு, ஏழு வாரம். திருத்தும் நேரம் மட்டும் குறையும், எந்தப் படியில் தவறியிருக்கிறது என்று சட்டென்று காட்டிவிடலாம். பதினொன்று, பன்னிரண்டு மாணவர்களுக்கும், வரலாறு, உயிரியல் மாதிரி விவரம் நெருக்கமாக அடைத்த முந்நூறு, நானூறு சொல் பகுதிகளுக்கும் இதுதான் சரி. அவ்வளவு நீளத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுத முடியாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மூடிவைத்துச் சொல்லி எழுதுதல் | குறிப்புச் சொல் | விதிப்படி |
|---|---|---|---|
| காப்பி நிற்குமா | முதல் நாளிலிருந்தே | வினைமுற்றுக்குத் தடை இருந்தால் | பொதுச்சொல் படி வரை போனால்தான் |
| காரணம் தங்குமா | பெரும்பாலும் | அம்புக்குறி இருந்தால் | தாமதமாக |
| என்ன தவறும் | நடுப்பகுதி மறதி, வெளி விவரம் கலப்பது | பட்டியல் நடை | அடித்து மிஞ்சியதை எழுதுவது |
| பலன் தெரிய | ஒன்றிரண்டு வாரம் | மூன்று, நான்கு வாரம் | ஆறு, ஏழு வாரம் |
| உங்கள் உழைப்பு | சத்தத்தைச் சமாளிப்பது | குறிப்பை உடனே பார்ப்பது | நீண்ட நாள் பயிற்சி |
| பரீட்சை ஹாலில் | பாதி உதவும், பேச முடியாது | நன்றாக உதவும் | பழகியவருக்கு உதவும் |

## அப்படியானால் எது?

தேவகோட்டைத் தம்பிக்கு நான் சொன்னது: ஒன்பதாம் வகுப்பு, கையில் முழு ஆண்டு இருக்கிறது, அதனால் முதல் வழியில் நான்கு வாரம், வாரம் இரண்டு பத்தி. ஐந்தாவது வாரத்திலிருந்து இரண்டாம் வழி. மூன்றாம் வழியிலிருந்து பொதுச்சொல் பயிற்சியை மட்டும் பிய்த்து எடுத்து, தினமும் ஐந்து நிமிடம் தனியாக. மூன்றையும் ஒரே பத்தியில் ஒரே நாளில் கலக்காதீர்கள், அவருக்கு உருப்படாமல் போனது அதனால்தான். மூடச் சொல்லிவிட்டு, குறிப்பும் எடுக்கச் சொல்லி, பென்சிலால் அடிக்கவும் சொன்னால் பிள்ளை எதையும் செய்யாமல் நல்ல வாக்கியமாக நான்கைப் பொறுக்கிவிடும்.

வீட்டில் ஒரே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மாக்களுக்கு முதல் வழி மட்டுமே போதும். நீங்கள் சமைத்துக்கொண்டே கேட்கலாம். பிள்ளை சொல்லும்போது புத்தகம் உங்களிடம் இருக்கட்டும், நடுவில் திருத்தாதீர்கள், முடித்ததும் ஒரு "ஏன்?" மட்டும் கேளுங்கள்.

உங்கள் பள்ளியில் விடைக்குறிப்பில் உள்ள வாக்கியம் அப்படியே இருந்தால்தான் மார்க் என்ற நிலை இருந்தால் இந்த மூன்றில் எதுவும் முழுப் பலன் தராது. பிள்ளைகள் எதற்கு மார்க் விழுகிறதோ அதையே செய்வார்கள். வகுப்புத் தேர்விலாவது திருத்தும் கணக்கை மாற்றிப் பாருங்கள். ஐந்து மார்க்கில் முக்கியக் கருத்துக்கு இரண்டு, காரணத் தொடர்புக்கு ஒன்று, சொந்த வாக்கியத்துக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று என்று நான் வைத்திருக்கிறேன். மேலே உள்ள 27 சொல் விடைக்கு இந்தக் கணக்கில் இரண்டு மார்க்தான் வரும்: கருத்தில் பாதிக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று. ஒரு சொல் கூடியதை நான் பொருட்படுத்துவதில்லை.

ஆங்கிலப் பத்திக்கு என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தமிழ்வழிப் பிள்ளையாக இருந்தால் இரண்டாம் வழியில் ஒரே ஒரு மாற்றம்: ஆங்கிலத்தில் படிக்கட்டும், குறிப்பைத் தமிழில் எடுக்கட்டும், பத்தியை மூடிவிட்டுத் தமிழ்க் குறிப்பிலிருந்து ஆங்கிலத்தில் எழுதட்டும். எடுத்து எழுத ஆங்கில வாக்கியமே கையில் இருக்காது. சொல் வளம் குறைவான பிள்ளை தடுமாறும், அதற்குப் பத்தியில் உள்ள ஐந்து துறைச்சொற்களை மட்டும் பலகையில் ஆங்கிலத்திலேயே எழுதிப்போட்டு விடுங்கள். வினைச்சொல் எதையும் எழுதாதீர்கள்.